30 நாள் அல்லிக்குளம்: ஊர் எந்த நாளில் கூட வேண்டும்?

கணக்கு_டீச்சர், பண்டாரவளை

சாதாரண தர வகுப்பில் பெருக்கல் விருத்தி தொடங்கும்போது சொல்ல, அல்லிக்குளக் கதையை நம்ம பக்கத்துக்கு மாற்றி எழுதியிருக்கிறேன். கணக்கிலோ குளத்து விஷயத்திலோ பிழை இருந்தால் சொல்லுங்கள்.

தேயிலைச் சரிவு முடிகிற இடத்தில் ஒரு கிராமம். மேலே பீலியிலிருந்து வழிகிற தண்ணீர் ஒரு குளத்தில் சேர்ந்து, மதகு வழியாகக் கீழே வயலுக்குப் போகிறது. குளம் சரியாக ஒரு ஏக்கர், அதாவது 160 பேர்ச். ஒருநாள் அதில் ஓர் அல்லி முளைக்கிறது. அது அதிசய அல்லி. அதன் பரப்பு நாளுக்கு நாள் இரட்டிப்பாகும். 30ஆம் நாள் குளம் முழுவதும் மூடிவிடும். மூடினால் வெளிச்சம் இல்லாமல் மீன் சாகும், மதகு அடைக்கும்.

தண்ணிக்குப் போகிற பிள்ளைகள் 20ஆம் நாளே பார்த்துவிடுகிறார்கள். வீட்டில் சொன்னால், "பூ அழகாத்தானே இருக்கு, விடு" என்கிறார்கள். 25ஆம் நாள் வயல்காரப் பெரியவர் ஒருவர் கேட்கிறார், துப்புரவாக்கினால் என்ன என்று. ஊர்த் தலைவர் குளக்கட்டில் நின்று பார்க்கிறார். எங்கும் வெறும் தண்ணீர்தான். "பாதிக்குளம் மூடட்டும், அப்போது எல்லாரும் இறங்குவோம்" என்கிறார். பாதி மூடுவது எந்த நாள்? அதற்குப் பிறகு எத்தனை நாள் மீதி?

விடை 29, மீதி ஒரு நாள். இதைப் பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். எனக்கு வேண்டியது அடுத்த கேள்வி. பாதி என்பது பிழையான எல்லை என்றால் சரியான எல்லை எது? கதையில் யாராவது அதைச் சொல்ல வேண்டும், ஆனால் என்ன சொல்வது?

மடக்கை

டீச்சர், குளத்தைப் பேர்ச்சில் சொன்னது நல்ல வேலை, பின்னோக்கிப் பாதி பாதியாகப் போக வசதி. 30ஆம் நாள் 160. 29இல் 80, 28இல் 40, 27இல் 20, 26இல் 10, 25இல் 5. உங்கள் தலைவர் கட்டில் நின்று பார்த்த அன்று 160இல் 5 பேர்ச்தான் அல்லி, நூற்றுக்கு மூன்று. அதுவும் ஒரே இடத்தில் இருக்காது, கரையோரப் புல்லுக்குள் சிதறிக் கிடக்கும். கட்டின் உயரத்திலிருந்து சாய்வாகப் பார்க்கிறவருக்கு நடுக்குளத்துத் தண்ணீர்தான் கண்ணில் விழும். அவர் சொன்னது அவர் கண்டதற்குப் பொருந்துகிறது. அதனால் அவரை முட்டாளாக எழுதாமல் விட்டது எனக்குப் பிடித்தது.

20ஆம் நாள் எவ்வளவு என்று பார்த்தால் 160ஐ 1024ஆல் வகுக்க வேண்டும். ஏறக்குறைய 42 சதுர அடி, இரண்டு பாய் விரித்த இடம். பிள்ளைகள் கண்டது அவ்வளவுதான்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். எல்லையைக் குளத்தை வைத்துத் தேடினால் கிடைக்காது, ஊரின் கைபலத்தை வைத்துத்தான் தேட வேண்டும். கதைக்காக, 12 பேர் இறங்கினால் ஒரு நாளில் 4 பேர்ச் துப்புரவாக்கலாம் என்று வைப்போம். பகலில் பிடுங்குகிறார்கள், மிஞ்சியது இரவில் இரட்டிப்பாகிறது.

25ஆம் நாள் காலை இறங்கினால்: 5இல் 4 போனது, மிச்சம் 1. மறுநாள் காலை அது 2. அதையும் பிடுங்கினால் வேலை முடிந்தது. இரண்டாம் நாள் மத்தியானமே வீட்டுக்குப் போகலாம்.

ஒரு நாள் பிந்தி, 26ஆம் நாள் காலை இறங்கினால்: 10இல் 4 போக 6, மறுநாள் 12. அதில் 4 போக 8, மறுநாள் 16. பிறகு 24, 40, 72, 136. 33ஆம் நாள் குளம் மூடிவிடும். அதே 12 பேர், ஒரு நாளும் ஓய்வில்லாமல் வேலை செய்து, மூன்று நாள் தள்ளிப்போட்டதுதான் மிச்சம்.

எல்லை 8 பேர்ச்சில் இருக்கிறது. காலையில் 8 இருந்தால், 4 பிடுங்கினால் 4, மறுநாள் மறுபடி 8, ஆயுசுக்கும் அதே வேலை. எட்டுக்குக் கீழே இருந்தால் ஊர் ஜெயிக்கும், மேலே போனால் அல்லி ஜெயிக்கும். பொதுவாக, ஒரு இரட்டிப்புக்கு ஒருமுறை இறங்கினால், அந்த ஒரு முறையில் உங்களால் அகற்ற முடிகிற அளவின் இரு மடங்கு. இந்தக் குளத்தில் அது நூற்றுக்கு ஐந்து. பாதி எங்கே, இது எங்கே.

ஊவாக்காற்று

மடக்கை சொல்வது தாளில் சரி. ஆனால் நிஜத்தில் எந்தச் செடியும் கடைசி நாள் வரை இரட்டிப்பாகிக்கொண்டே போகாது. இடம் நெருங்க நெருங்க ஒன்றையொன்று தள்ளும், வளர்ச்சி தணியும். பாதியிலிருந்து முழுசுக்கு ஒரே நாளில் தாவுவது கதையில்தான். அதனால் பாதியில் விழித்தாலும் ஓரளவு நேரம் இருக்கும்.

இன்னொன்று, குளத்தை அகலமாக வெட்டினால் பயமே வேண்டாம். ஒரு ஏக்கருக்கு 30 நாள் என்றால் இரண்டு ஏக்கருக்கு 60 நாள்.

12 பேர் போதாவிட்டால் 24 பேரை இறக்கலாம் என்பதையும் ஏன் பார்க்கவில்லை?

மடக்கை

முதல் விஷயம் பாதி சரி. உண்மைச் செடி நெருக்கத்தில் தணியும். ஆனால் எந்தக் கட்டத்தில் தணிகிறது என்று பாருங்கள். குளத்தில் இடம் தாராளமாக இருக்கும் வரை, அதாவது நூற்றுக்கு ஒன்று, இரண்டு, ஐந்து என்று போகும் காலத்தில், நெருக்கம் என்ற பேச்சே இல்லை. அப்போது அது முழு வேகத்தில்தான் ஓடும். ஊர் தோற்கிற இடம் அந்த ஐந்து. தணிவு வருவது அதைத் தாண்டி வெகுதூரம் போன பிறகு. அது தரும் கூடுதல் நாட்கள் 80 பேர்ச்சைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவருக்குக் கிடைக்கும், 4 பேர்ச் பிடுங்குகிறவருக்கு அதனால் பயன் இல்லை.

இரண்டாவது சரியில்லை. இரண்டு ஏக்கர் குளம் 31ஆம் நாள் மூடும். 30ஆம் நாள் ஒரு ஏக்கர் மூடியிருக்கும், மறுநாள் மற்ற ஏக்கர். நாலு ஏக்கர் வெட்டினால் 32. குளத்தை இரட்டிக்கிற ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு நாள்தான் கிடைக்கும். அந்த வெட்டுக்கூலியை நினைத்துப் பாருங்கள்.

24 பேருக்கும் அதே கணக்கு. நாளுக்கு 8 பேர்ச் என்றால் எல்லை 16. 26ஆம் நாள் 10 பேர்ச்சோடு இறங்கினால் ஜெயிக்கலாம், 27ஆம் நாள் 20ஐப் பார்த்து இறங்கினால் தோல்வி. ஆளை இரட்டித்ததற்குக் கிடைத்தது ஒரு நாள் தாமதத்துக்கு மன்னிப்பு. பத்து மடங்கு ஆள் சேர்த்தாலும் மூன்று நாளுக்குக் கொஞ்சம் கூடுதல்தான்.

டிவிசன்_குளம், நுவரெலியா

நல்ல நேரத்தில் இந்தப் பேச்சு வந்தது. எங்கள் டிவிசன் குளத்திலும் இந்த அல்லி பரவுது. இலை சின்னது, பச்சைக் கம்பளம் மாதிரி. பூ ஒன்றும் காணவில்லை. இப்போது ஒரு மூலையில் 10 பேர்ச் அளவுக்கு இருக்கும், குளம் ஒரு ஏக்கருக்குக் கிட்ட. இதற்கு என்ன மருந்து அடிக்கலாம்? தேயிலைக்கு அடிக்கிற களைக்கொல்லி போதுமா?

கணக்கு_டீச்சர்

இது கணக்குக் கதைக்கான இழை, அண்ணே. ஆனாலும் தெரிந்தவர்கள் பதில் சொல்லட்டும், கதைக்கும் உதவும்.

நீர்க்களை, மாத்தளை

டிவிசன்_குளம், மருந்தை இப்போதைக்கு எடுக்காதீர்கள். முதலில் அது என்ன என்று பார்க்கவேண்டும்.

ஒரு செடியைக் கையில் அள்ளுங்கள். அல்லியாக இருந்தால் அள்ள வராது, நீண்ட காம்பு கீழே சேற்றுக்குள் போகும். நீங்கள் சொல்வது கைக்கு வந்துவிடும் என்று நினைக்கிறேன். இலைகள் சோடி சோடியாக, நடுவில் மடிந்து இருக்கும். அடியில் வேர் மாதிரிப் பழுப்பாகத் தொங்குவதும் உண்மையில் ஓர் இலைதான். மேற்பரப்பில் தண்ணீர் தெளித்தால் ஒட்டாமல் உருண்டு ஓடும். வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்: ரோமங்கள் வரிசையாக நிற்கும், ஒவ்வொரு ரோமத்தின் நுனியும் நாலாகப் பிரிந்து மறுபடி ஒன்றுகூடிச் சின்னக் கூண்டு போல இருக்கும். அப்படி இருந்தால் அது சல்வீனியா. 1939இல் நாட்டுக்குள் வந்தது, பூக்கிற செடியே இல்லை, பன்னம் வகை. ஒரு துண்டு உடைந்தால் அது தனிச்செடி. இந்தக் கதையின் அதிசய அல்லிக்கு நிஜத்தில் மிகக் கிட்டவான ஆள் இதுதான். சூடும் உரச்சத்தும் உள்ள தண்ணீரில் இரண்டு மூன்று நாளிலேயே இரட்டிப்பாகக்கூடியது. நுவரெலியாக் குளிரில் அந்த வேகம் வராது.

மருந்து வேண்டாம் என்பதற்குக் காரணம், 10 பேர்ச் செடி ஒரேயடியாகச் செத்து அழுகினால் அந்த அழுகலே தண்ணீரின் பிராணவாயுவைத் தின்றுவிடும், மீன் மிதக்கும். அதோடு அந்தத் தண்ணீர் கீழே யார் வாளிக்குப் போகிறது என்று பாருங்கள். 10 பேர்ச் கையால் எடுக்கக்கூடிய அளவுதான், ஆனால் எவ்வளவு வேகமாக வளர்கிறது என்று தெரியாமல் ஆள் கூப்பிடாதீர்கள்.

டிவிசன்_குளம், நுவரெலியா

பார்த்தேன், ரோமம் நீங்கள் சொன்ன மாதிரியே. வண்டு விட்டால் தின்னும் என்று கேள்வி. அது கிடைக்குமா?

நீர்க்களை, மாத்தளை

வண்டு உண்மைதான். இரண்டு மில்லிமீற்றர் அளவில் கறுப்பு மூக்கு வண்டு, சல்வீனியாவை மட்டும்தான் தின்னும். 1986இல் இலங்கையில் முதலில் விடப்பட்டது, தாழ்நிலத்துக் குளங்கள் பலவற்றில் நன்றாக வேலை செய்தது. ஆனால் அது சூட்டுப் பிராணி. குளிரில் தீனியும் குறையும், முட்டை பொரிப்பதும் தடைப்படும். மாத்தளைப் பக்கம் என்றால் யோசிக்கலாம், 6000 அடியில் அதை நம்பி உட்கார்ந்திருக்கமுடியாது.

வேகத்தை அளக்கிற முறையைச் சொல்கிறேன். நாலு மூங்கில் துண்டால் பக்கத்துக்கு ஒரு மீற்றர் வரும் சட்டம் கட்டி, அடியில் பழைய நுளம்புவலையைத் தொட்டி போலத் தொங்கவிட்டு, தண்ணீரில் மிதக்கவிடுங்கள். கயிற்றால் ஒரு முளையில் கட்டுங்கள். உள்ளே 20 செடி, எண்ணிப் போடுங்கள். ஒவ்வொரு சோடி இலையையும் ஒன்றாக எண்ணுங்கள், இல்லாவிட்டால் உடைந்த துண்டு குழப்பிவிடும். ஐந்தாறு நாளில் மறுபடி எண்ணுங்கள். வலை எதற்கென்றால், காற்று வெளியிலிருந்து செடியைத் தள்ளி உள்ளே சேர்க்காமல் இருக்க.

குளத்தையே கண்ணால் மதிப்பிட்டு வேகம் பார்க்க முயலாதீர்கள். மத்தியானக் காற்று பரப்பில் கிடக்கிறதையெல்லாம் ஒரு மூலைக்கு ஒதுக்கி நெருக்கும், குறைந்துவிட்ட மாதிரித் தெரியும். ஊர்கள் ஏமாறுவதில் பாதி இப்படித்தான். பரப்பைப் பார்க்கத்தான் வேண்டும் என்றால் விடியற்காலையில், காற்று எழும்பும் முன் பாருங்கள்.

மடக்கை

எண்ணிய பிறகு கணக்கு இலேசு, டீச்சரின் வகுப்புக்கும் உதவும். இரண்டாவது எண்ணிக்கையை முதலாவதால் வகுத்து மடக்கை பாருங்கள். பிறகு:

இரட்டிப்பு நாள் = இடைப்பட்ட நாள் × 0.301 ÷ அந்த மடக்கை

உதாரணம், ஐந்து நாளில் 20 செடி 33 ஆனால், 33 ÷ 20 = 1.65. மடக்கை 0.2175. 5 × 0.301 ÷ 0.2175 = ஏறக்குறைய 7 நாள்.

7 நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பு என்றால் 10 பேர்ச் 160 ஆக நாலு இரட்டிப்பு, 28 நாள். நிஜத்தில் நெருக்கத்தால் கொஞ்சம் கூடலாம். இங்கே கதைக்கும் உங்கள் குளத்துக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. கதையில் 10 பேர்ச் என்றால் 12 பேருக்குத் தோல்வி. உங்கள் குளத்தில் அதே 12 பேர் நாள்தோறும் 4 பேர்ச் எடுத்தால், ஏறக்குறைய 40 பேர்ச் இருந்தாலும் சமாளிக்கலாம், ஏனென்றால் ஒரு இரட்டிப்புக்குள் அவர்களுக்கு ஏழு வேலைநாள் கிடைக்கிறது.

ஆனால் அதே 12 பேர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் சிரமதானத்துக்கு வந்தால் எல்லை மறுபடி 8 பேர்ச்தான். இரட்டிப்பும் வாரத்துக்கு ஒருமுறை, வேலையும் வாரத்துக்கு ஒருமுறை, கதையில் நாள் என்று இருந்தது இங்கே வாரம் என்று மாறியது, அவ்வளவே. 10 பேர்ச்சோடு ஞாயிற்றுக்கிழமை சிரமதானம் தொடங்கினால் ஒவ்வொரு வாரமும் நன்றாக வேலை நடந்த மாதிரி இருக்கும், கரையில் குவியல் உயரும், ஆனால் அடுத்த ஞாயிறு 12, பிறகு 16, பிறகு 24.

ஊவாக்காற்று

ஞாயிறு கணக்கு எனக்கு உறைத்தது. குளத்தை அகலமாக்கும் யோசனையை விட்டுவிடுகிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். ஒரே மூச்சில் நூறு பேரைக் கூட்டி பத்தில் ஒன்பது பங்கை எடுத்துவிட்டால் பிறகு பல மாதம் நிம்மதிதானே?

மடக்கை

பத்தில் ஒன்பது எடுத்தால் மிச்சம் பத்தில் ஒன்று. அது பழைய அளவுக்குத் திரும்ப மூன்று இரட்டிப்பும் கொஞ்சமும். வாரத்துக்கு ஒரு இரட்டிப்பு என்றால் 23 நாள். நூற்றில் 99 எடுத்தாலும் ஏறக்குறைய 46 நாள்தான். கடைசி நூற்றில் ஒன்றைத் தேடிப் பிடுங்குகிற சலிப்பான வேலைதான் முடிவைத் தீர்மானிக்கிறது. பெரிய கூட்டம் முதல் நாள் மட்டும்தான் தேவை. அடுத்த நாளும் அதற்கடுத்த வாரமும் கரையோரப் புல்லை விலக்கி விலக்கிப் பார்க்க மூன்று பேர் வேண்டும். படம் எடுத்துவிட்டுக் கலைகிற சிரமதானங்களில் இந்த மூன்று பேர் இருப்பதில்லை.

பீலியடி, ஹட்டன்

எதை முதலில் எடுப்பது என்பதைப் பற்றி யாரும் பேசவில்லை. எங்கள் பக்கம் எல்லாரும் பெரிய பாயைத்தான் முதலில் இழுப்பார்கள், அள்ள அள்ளக் குறைவது தெரியும், மனதுக்கு நிம்மதி.

நீர்க்களை, மாத்தளை

என் வழி நேர் எதிர். பெரிய பாயின் நடுவில் இருக்கும் செடிகள் ஏற்கனவே நெருங்கி, இலை மடிந்து, மெதுவாகத்தான் பெருகும். தனியாக மிதக்கும் ஐந்து செடி, பத்துச் செடிகளுக்கு நாலு பக்கமும் இடம், அவைதான் முழு வேகத்தில் இரட்டிப்பாகும். ஒரு பேர்ச்சுக்கு ஒரு பேர்ச் கணக்குப் பார்த்தால் சிதறலை எடுப்பதுதான் லாபம். பெரிய பாயைச் சுற்றி மூங்கில்களை நுனிக்கு நுனி கட்டி மிதக்கவிட்டு வளைத்துவிடுங்கள், அது ஓடிப்போகாது. சிதறல் முடிந்த பிறகு பாயைக் கரைக்கு இழுத்து அள்ளலாம்.

அள்ளியதை எங்கே போடுவது என்பதும் முக்கியம். குளக்கட்டிலேயே குவித்தால் அடுத்த மழை பாதியை மறுபடி தண்ணீரில் சேர்க்கும். கட்டுக்கு வெளிச்சரிவில், ஓடையும் கானும் இல்லாத இடத்தில் பரப்பிக் காயவிடுங்கள். குவியலாகப் போட்டால் மேலே காயும், உள்ளே வாரக்கணக்கில் பச்சையாக இருக்கும்.

பீலியடி, ஹட்டன்

மூங்கில் வளையம் நல்ல யோசனை. ஆனால் பாய் மதகடியில் இருந்தால் உங்கள் முறை சரிவராது, சேர். மழை இறங்கினால் பாய் மதகை அடைக்கும், தண்ணீர் கட்டுக்கு மேலால் ஏறும். மண்கட்டு என்றால் ஒரே இரவில் அரிக்கும். மதகுப் பக்கம் 20 அடியாவது முதலில் துப்புரவாக்கித்தான் மற்றதைப் பார்க்க வேண்டும். ஏப்ரல் இடிமழையில் செடி எவ்வளவு வேகமாகப் பெருகுது என்று யாரும் பார்க்கமாட்டார்கள், தண்ணீர் எங்கே போகிறது என்றுதான் பார்ப்பார்கள்.

நீர்க்களை, மாத்தளை

மதகை விட்டுவிடச் சொல்லவில்லை. ஆனால் மதகடியில் வேலைசெய்து ஆட்கள் களைத்தபின் சிதறலுக்கு யார் போவார்கள்? மதகின் வாயில் ஒரு கம்பிவலை, அதற்கு ஓர் ஆள், மற்ற எல்லாரும் சிதறலுக்கு என்றுதான் நான் பிரிப்பேன்.

பீலியடி, ஹட்டன்

கம்பிவலைதான் முதலில் அடைக்கும். குளத்தைப் பார்க்காமல் இதைத் தீர்க்கமுடியாது, விடுவோம்.

கணக்கு_டீச்சர்

கதைக்குத் திரும்புகிறேன். எட்டுப் பேர்ச் எல்லையை வயல்காரப் பெரியவர் வாயில் வைக்கலாம் என்று நினைக்கிறேன். அவர் தலைவரிடம், "பாதியா என்று குளத்தைப் பார்க்காதீங்க, நம்ம ஆள் ஒரு நாளில் எவ்வளவு பிடுங்குவாங்கன்னு பாருங்க" என்று சொல்கிறார். அப்படியென்றால் 25ஆம் நாள்தான் கூட வேண்டிய நாளா?

மடக்கை

இறங்க வேண்டிய கடைசி நாள் 25. கூட வேண்டிய நாள் அதற்கும் முன்னால். குளம் தோட்டக் காணியில் இருந்தால் தோட்ட நிர்வாகத்திடம் சொல்ல வேண்டும், கிராம உத்தியோகத்தருக்கு அறிவிக்க வேண்டும், 12 பேருக்கு ஒரு நாள் கூலி விடுபடும், அதைப் பேசி முடிக்க வேண்டும். மூன்று நாள் என்று வைத்தால் 22ஆம் நாள் கூட்டம். அன்று குளத்தில் 170 சதுர அடி இருக்கும், ஒரு லயக் காம்பராவின் தரையை விடக் கொஞ்சம் பெரிது. 160 பேர்ச்சில் முக்கால் பேர்ச் கூட இல்லை. அந்த அளவைக் காட்டி, "நாளைக்கு எல்லாரும் வாங்க" என்று ஒரு ஊரைக் கூட்டிப் பாருங்கள், அது எவ்வளவு கஷ்டம் என்று புரியும்.

அதனால் பெரியவர் பரப்பைக் காட்டி வாதாடக் கூடாது, தோற்றுப்போவார். தண்ணிக்குப் போகும் பிள்ளைகளை வைத்து வாதாட வேண்டும். 20ஆம் நாள் இரண்டு பாய் அளவு. 21ஆம் நாள் நாலு பாய். 22ஆம் நாள் எட்டு. மூன்று நாள் பிள்ளைகள் குச்சி நட்டு அளந்ததைச் சொல்லட்டும். எட்டுப் பாய் யாரையும் பயமுறுத்தாது, இரண்டு நாலு எட்டு என்ற வரிசை பயமுறுத்தும். ஒரே நாள் அளவில் ஆபத்து தெரியாது, குறைந்தது மூன்று அளவு வேண்டும். இரண்டு அளவு மட்டும் என்றால் காற்று தள்ளியதா, வளர்ந்ததா என்று பிரிக்கமுடியாது.

இன்னொரு திருத்தம். முதல் நாள் ஓர் அல்லி முளைத்தது என்று எழுதியிருக்கிறீர்கள். 160 பேர்ச்சை 29 தடவை பாதியாக்கினால் முதல் நாள் வருவது ஏழரைச் சதுர மில்லிமீற்றர். மிளகு அளவு கூட இல்லை, தண்ணீரில் மிதக்கும் பாசியிலை ஒன்றின் அளவு. 15 சென்ரிமீற்றர் அகலமான ஓர் அல்லியிலையோடு தொடங்கினால் ஏறக்குறைய 18 நாளிலேயே குளம் மூடிவிடும்.

கணக்கு_டீச்சர்

அப்படியென்றால் முதல் 12 நாள் கதையில் எவருமே பார்த்திருக்கமுடியாது. விதையிலிருந்து வந்த ஒரு துளி பச்சை என்று மாற்றிவிடுகிறேன். பிள்ளைகள் மூன்று நாள் குச்சி நட்டு அளப்பதைக் கதையின் நடுவில் வைக்கிறேன், அது வகுப்பில் செய்தும் பார்க்கலாம்.

ஊவாக்காற்று

கதையில் இருக்கிற மாதிரி அதிகாரிகளும் எப்போதும் தூங்குவதில்லை என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், டீச்சர். ஆகாயத்தாமரை 1905 வாக்கில் அழகுச்செடியாக வந்தது, 1909இலேயே அதற்கென்று தனிக் கட்டளைச்சட்டம் போட்டுவிட்டார்கள்.

நீர்க்களை, மாத்தளை

சட்டம் சீக்கிரம் வந்தது, ஆகாயத்தாமரை இன்றும் இருக்கிறது. நாலு வருடத்தில் அது எத்தனை இரட்டிப்பு முடித்திருக்கும் என்று மடக்கையிடம் கேட்டுப் பாருங்கள்.

டிவிசன்_குளம், நுவரெலியா

மூங்கில் சட்டம் கட்டி 20 செடி போட்டேன். ஆறு நாளில் 24. கணக்கும் போட்டுப் பார்த்தேன்: 24 ÷ 20 = 1.2, மடக்கை 0.0792, 6 × 0.301 ÷ 0.0792 = 23 நாள் அளவில். அப்படியென்றால் குளம் மூட மூன்று மாதம் இருக்கு. ஞாயிற்றுக்கிழமை சிரமதானமே போதும்தானே?

மடக்கை

கணக்குச் சரி. 23 நாளுக்கு மூன்று ஞாயிறு கிடைக்கும். வாரத்துக்கு 4 பேர்ச் எடுத்தால் முதல் ஞாயிறு 10இல் 6 மிஞ்சும், அடுத்த ஞாயிறு அது ஏழரை, அதில் மூன்றரை மிஞ்சும், மூன்றாம் ஞாயிறு நாலரைக்குக் கிட்ட. அன்றே கொஞ்சம் நேரம் கூட நின்றால் முடிக்கலாம். ஆனால் 20க்கு 24 என்பது சின்ன எண்ணிக்கை, இரண்டு செடி கூடக்குறைய எண்ணியிருந்தால் விடை வெகுவாக மாறும். 22 என்றால் 44 நாள், 26 என்றால் 16 நாள். இன்னொரு ஆறு நாள் எண்ணிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

நீர்க்களை, மாத்தளை

இதில் மடக்கையோடு நான் உடன்படமாட்டேன். காத்திருக்கவேண்டாம், இந்த ஞாயிறே இறங்குங்கள், சட்டத்தில் எண்ணுவது அதன் பாட்டுக்கு நடக்கட்டும். இந்த 23 நாள் இந்த ஆறு நாளின் குளிருக்கும் வெயிலுக்கும் உரியது. தேயிலைக்கு அடுத்த தடவை உரம் போட்டு, மறுநாளே மழை பெய்து, சரிவிலிருந்து யூரியா கரைந்து குளத்துக்கு வந்தால் அதே செடி 10 நாளில் இரட்டிப்பாகலாம். உரம் போட்ட பிறகு பழைய எண்ணிக்கையை வீசிவிட்டு, புதிதாக 20 செடியிலிருந்து தொடங்குங்கள்.

டிவிசன்_குளம், நுவரெலியா

உரம் அடுத்த வாரம் போடுறாங்க. ஞாயிறு எட்டுப் பேர் வர ஒத்துக்கொண்டிருக்காங்க, 12 கிடைக்கவில்லை. பாய் மதகிலிருந்து 30 அடி தள்ளி இருக்கு. எட்டுப் பேரை எப்படிப் பிரிக்கிறது?

பீலியடி, ஹட்டன்

30 அடி என்றால் மதகுக்கு ஒருவர் போதும், இதில் நீர்க்களை சொன்னபடியே செய்யுங்கள். மூங்கில் வளையத்தைச் சனிக்கிழமை பின்னேரமே போட்டுவிடுங்கள், காற்று நின்ற பிறகு. மற்ற ஏழு பேரில் நாலு பேர் கரையோரச் சிதறலுக்கு, மூன்று பேர் அள்ளியதைக் கட்டுக்கு வெளியே சுமக்க. சுமக்க ஆள் இல்லாவிட்டால் எல்லாம் கட்டிலேயே கிடக்கும்.